செவ்வாய்க்கிழமைத் தராசு

இரத்தினவேலரோடு மரக்கறி வாங்கப் போவதைப்போல ஒரு கரைச்சல் இந்த ஸ்காபறோவில் வேறில்லை. மனிதர் கத்தரிக்காயைப் பார்க்கமாட்டார், தராசைத்தான் பார்ப்பார். தராசு மட்டமாக இருக்கிறதா, சாமான் வைக்கமுன் பூச்சியம் காட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, காசாளர்ப் பிள்ளையிடம், "பையின்ரை நிறையைக் கழிச்சனீரோ?" என்று கேட்பார். பின்னால் நிற்கிற சனம் பெருமூச்சு விடும். அவருடைய மனைவி கமலாம்பிகை இதற்கெல்லாம் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். கடைக்குள் நுழைந்ததும் அரிசி மூட்டைகளின் பக்கம் ஒதுங்கி, இந்த மனிதரை முன்பின் தெரியாதவள்போல நிற்பாள்.

அவரிலும் பிழை சொல்லமுடியாது. இருபத்தெட்டு வருடம் அதுதான் தொழில். வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்னத் தராசுக் கம்பனி. நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசிலிருந்து, லொறி ஏறி நிற்கும் தராசு வரைக்கும் அவர்தான் சோதிப்பார். நடுவில் ஒருமுறை, நாலு மூலையிலும் ஒவ்வொருமுறை நியமப் படிக்கல்லை வைத்துப் பார்த்து, சரியென்றால் முத்திரை. சரியில்லையென்றால், கடைக்காரர் சொந்தக்காரரென்றாலும் சிவப்பு அட்டைதான். இதனாலேயே இரண்டு கலியாணவீட்டுக்கு அழைப்பு வராமல் போனது. "நல்லது, மொய் மிச்சம்" என்றாள் கமலாம்பிகை.

ஓய்வெடுத்த பிறகு மற்ற ஆண்கள் கோயில் கமிட்டி, நடைக்குழு என்று போனார்கள். இவர் வீட்டு பேஸ்மன்ற்றுக்குள் இறங்கி பழங்காலத் தராசுகள் செய்யத் தொடங்கினார். மேப்பிள் மரத்தில் துலாக்கோல், பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு முள். கல் வெட்டும் இடத்திலிருந்து துண்டுக் கற்கள் வாங்கி வந்து, நாலாயிரம் வருடத்துக்கு முந்திய சிந்துவெளிப் படிக்கற்களைப்போலக் கனசதுரமாகத் தேய்ப்பார். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டு போகிற கற்கள் அவை. பதினாறு மடங்குக் கல் பதின்மூன்றரைக் கிராமுக்குச் சற்று மேலே. ஒரு எழுத்தில்லை, ஒரு குறியில்லை, ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஊர்களிலும் அதே நிறை. "எப்பிடியடாப்பா ஒத்துப்போனாங்கள்?" என்று தனியே இருந்து வியப்பார். மேலே சமையலறையில் நிற்கிற கமலாம்பிகைக்கு அது ஹீற்றர் காற்று வரும் ஓட்டைக்குள்ளால் கேட்கும். அந்த வீட்டில் கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும்.

போன வருடம் மாரிக் குளிர் தொடங்கும்போது கமலாம்பிகைக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

வெட்ட முடியாது, மருந்துக் குளிசைதான் என்றார்கள். வீட்டிலேயே எடுக்கும் குளிசை. ஆனால் அதன் அளவு உடம்பின் நிறையைப் பொறுத்தது. நிறை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் குளிசையையும் குறைக்கவேண்டும். சாப்பாடு உள்ளே போகாவிட்டால் குழாய் போட்டுக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இடையில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு ஒரு தாதி போன் எடுப்பாள். என்ன சாப்பிட்டா, வாந்தி சத்தியா, நிறை எவ்வளவு?

நிறை என்றதும் இரத்தினவேலர் நிமிர்ந்துவிட்டார். மருந்தைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, கடவுளைக் கேட்கவும் அவருக்குப் பழக்கமில்லை. நிறுப்பது தெரியும். மனைவியின் உயிருக்காகத் தன்னால் செய்யக்கூடிய ஒரே காரியம் இதுதான் என்று பிடித்துக்கொண்டார். நல்ல தராசு ஒன்றைக் குளியலறையில் வைத்து, நாலு கால்களையும் திருகி மட்டம் பார்த்தார். ஒவ்வொரு செவ்வாயும் ஒன்பதரைக்கு இருபது கிலோ நியமக்கல்லைத் தூக்கிவந்து நடுவிலும் மூலைகளிலும் வைத்துச் சோதிப்பார். பிறகுதான் அவளைக் கூப்பிடுவார்.

"ஏறும். அசையாமல் நில்லும். கையைச் சுவரிலை பிடிக்கக்கூடாது. இறங்கும். இன்னொருக்கா ஏறும்."

மூன்றுமுறை. மூன்றும் ஒத்துவந்தால்தான் எழுதுவார். அவள் தடித்த வீட்டுக் கோட்டோடு நிற்பாள். குளிர் அவளுக்குத் தாங்காது. அந்தக் கோட்டைத் தனியே நிறுத்து, ஒரு கிலோ நூறு என்று முதலே கழித்துவைத்திருந்தார். தாதியிடம் போனில், "மை ஸ்கேல் இஸ் கரெக்ட்" என்று ஒவ்வொருமுறையும் சொல்வார். அந்தப் பிள்ளை சிரிக்கும்.

ஐம்பது கிலோவில் தொடங்கியது நாற்பத்தொன்பது, நாற்பத்தேழரை என்று இறங்கி, ஒரு செவ்வாய் நாற்பத்தைந்து எண்ணூறு காட்டியது. அன்றைக்கு அவர் போனை வைத்துவிட்டுக் கீழே போனார். ஒரு மணித்தியாலம் மேலே வரவில்லை. ஆனால் அடுத்த கிழமை பார்த்தால் நாற்பத்தாறு நானூறு! அதற்கடுத்த கிழமை நாற்பத்தேழு! பிறகு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஆனால் நாற்பத்தேழை விட்டுப் போகவில்லை. இரத்தினவேலர் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் அட்சயாவுக்குப் போன் எடுத்து, "அம்மாவுக்கு மருந்து பிடிச்சிட்டுது" என்று கத்தினார். பேஸ்மன்ற்றில் பாட்டுப் படித்தார். மனிதருக்குப் பாட்டு வராது, அது வேறு கதை. கமலாம்பிகையின் கன்னம் ஒட்டிக்கொண்டு போவதையும், குளிசையின் கடுமையில் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிவதையும், மாடிப்படி ஏற நடுவில் உட்காருவதையும் அவரும் கண்டார்தான். ஆனால் கண் பொய் சொல்லும், தராசு சொல்லாது என்று இருபத்தெட்டு வருடம் நம்பிய மனிதரை என்ன செய்வது?

இந்தச் சந்தோசத்தில்தான் நூலகத்தில் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டார். மூத்த தமிழர்களின் சனிக்கிழமை ஒன்றுகூடல், பின்னேரம் இரண்டு மணிக்கு. பழைய சந்தைகளில் எப்படி நிறுத்தார்கள், கள்ள நிறுவையை அதிகாரிகள் எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் விசயம். ஒரு மாதமாகப் பேஸ்மன்ற்றில் சத்தம்போட்டுப் பேசிப் பழகினார்.

சனிக்கிழமை மத்தியானம் சாமான்களை அடுக்கும்போதுதான் இரும்புப் படிக்கல் பெட்டியைத் திறந்தார். அந்தக் கற்கள் அவருடைய சிநேகிதர் மஸூர் கொடுத்தவை. மஸூர் முன்பு கொழும்பிலும் பிறகு இங்கே லோறன்ஸ் வீதியிலும் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது, அடியில் ஈயம் ஊற்றி முத்திரை குத்திய அந்தப் பழைய படிக்கற்களை இரத்தினவேலரிடம் தந்துவிட்டார். பெட்டியில் இரண்டு கிலோக் கற்கள் இரண்டும் ஒரு கிலோக் கல் ஒன்றும் இல்லை.

கூட்டிப்போக வந்த மஸூரிடம் காருக்குள் ஏறினதும் கேட்டார். "ஏன் மஸூர், ரெண்டு மாசத்துக்கு முந்திப் பெட்டியைத் திறந்து பாத்தனீரெல்லே. கல்லு ஏதும் எடுத்தனீரோ?"

"நான் எடுக்கல்ல அண்ணே. குடுத்த சாமானத் திருப்பிக் களவெடுக்க எனக்கென்ன விசரா?"

இரண்டு பேருக்கும் முகம் கறுத்துவிட்டது.

ஆனால் பேச்சு நன்றாகப் போனது. இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். பாபிலோன் வியாபாரிகள் ஏன் மினுமினுக்கும் கரிய இரும்புக்கல்லில் படிக்கல் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார். அது கடினமான கல், லேசில் தேயாது. ஓரத்தில் ஒரு பொட்டு உடைத்தாலும் மினுக்கம் கெட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஏதென்ஸில் நிறுவை பார்க்கும் அதிகாரிகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள், ஊருக்கு ஐந்து பேர், துறைமுகத்துக்கு ஐந்து பேர். யார் வருவாரென்று தெரியாவிட்டால் யாருக்குக் கைலஞ்சம் கொடுப்பது? மகத நாட்டில் நனைந்தால் ஊறாத, சூட்டில் விரியாத பொருளில்தான் படிக்கல் செய்யலாம். நாலு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தவேண்டும், குத்தாவிட்டால் தண்டம். தஞ்சாவூர்ப் பெரியகோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று சுவாமியின் பெயரையே வைத்திருந்தார்கள். "சுவாமியின்ரை பேரைச் சொல்லிப் பொய் நிறுக்க எவனுக்குத் துணிவு வரும்?" என்றபோது சனம் தலையாட்டியது.

பிறகு கள்ளத் தராசைக் காட்டினார். அவரே செய்தது. பார்வைக்கு நல்ல தராசு. தட்டு வெறுமையாக இருந்தால் முள் நேரே நிற்கும்.

"இதிலை ஒரு கை மற்றதிலும் பாக்க அரை அங்குலம் நீளம். கட்டைக் கைப் பக்கத்துத் தட்டைக் கொஞ்சம் பாரமாச் செய்திருக்கிறன். அதாலை வெறுந்தட்டிலை மட்டமா நிக்குது. சாமானை நீட்டுக் கைப் பக்கம் வைச்சால் குறைஞ்ச சாமானும் நிறையக் காட்டும். அதிகாரி வந்து என்ன செய்வார்? இந்தா, இதைத்தான்."

பருப்புப் பையையும் படிக்கல்லையும் முதலில் மட்டமாக நிறுத்துக் காட்டிவிட்டு, இரண்டையும் தட்டு மாற்றி வைத்தார். மட்டமாக நின்ற கோல் படாரென்று ஒருபக்கம் சாய்ந்தது. "ஐயோ!" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா, தன் பருப்பே களவு போனமாதிரி.

பின்னால் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அண்ணை, தராசும் சரி, கல்லும் சரியெண்டால் பிறகு ஏமாத்தேலாதுதானே?"

"ஏலாது" என்றார் இரத்தினவேலர்.

"ஏலும்" என்றார் மஸூர். காரில் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லைப்போல. "கெய்ரோ, பக்தாத் சந்தைகள்ல முஹ்தஸிப் எண்டு ஒரு அதிகாரி இருந்தார். இரும்புப் படிக்கல்லு வைக்கணும், இரும்பில்லாட்டிக் கல்லைத் தோலால சுத்தி முத்திரை வைக்கணும், தட்டைத் துடைச்சுக்கொண்டே இருக்கணும், எல்லாம் பாப்பார். அதோட விடமாட்டார். தானியக் கூடைக்கு அடிவரைக்கும் கை விடுவார், மேல நல்லது கீழ ஈரம் எண்டு வைச்சிருக்கானா எண்டு. கம்பளியப் புழிஞ்சு பாப்பார், தண்ணியில ஊறவைச்சுப் பாரமாக்கியிருக்கானா எண்டு. தராசு பொய் சொல்லாது அண்ணே. தராசில ஏத்தின சாமான் பொய் சொல்லும். அதோட, இன்ன நாளில வாறன் எண்டு சொல்லிட்டும் வரமாட்டார்."

சனம் கைதட்டியது. இரத்தினவேலர் கையில் பருப்புப் பையோடு நின்றார். பெட்டியில் காணாமல் போன கற்கள், இரண்டும் இரண்டும் ஒன்றும், ஐந்து கிலோ. தடித்த வீட்டுக் கோட்டு. ஒவ்வொரு செவ்வாயும், ஒன்பதரைக்கு, சொல்லிவைத்த நேரத்துக்கு.

"அண்ணே, தண்ணி குடிங்க" என்றார் மஸூர், கோபமெல்லாம் போய்.

"என்னை வீட்டை கொண்டுபோய் விடும். இப்பவே."

வீட்டில் கமலாம்பிகை சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். சேர்ட்டும் பைஜாமாவும் போட்டிருந்தாள், அவ்வளவுதான். அவர் காலணியைக்கூடக் கழற்றாமல் முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சாரும், ஒருக்கா எழும்பி வாரும். நிறுத்துப் பாப்பம்."

"இண்டைக்குச் சனிக்கிழமை" என்றாள் அவள்.

"ஓம், சனிக்கிழமைதான்."

"இருங்கோ, கோட்டைப் போட்டுக்கொண்டு வாறன். குளிருது."

"வேண்டாம். இப்பிடியே வாரும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்கு வந்தாள். நியமக்கல் வைத்துப் பார்க்கவில்லை, மட்டம் பார்க்கவில்லை. ஏறி நின்றாள். நாற்பத்தொன்று எண்ணூறு. மூன்றுமுறை நிறுக்கவும் இல்லை. ஒருமுறை போதும்.

அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டார். "கல்லு எங்கை?"

"என்ரை சீலை அலுமாரிக்குள்ளை. துணிப்பட்டி ஒண்டு தைச்சனான், இடுப்பிலை கட்டிறதுக்கு."

"ஏன் கமலம்? ஏனம்மா இப்பிடிச் செய்தனீர்?"

"நாப்பத்தைஞ்சு காட்டின அண்டைக்கு நீங்கள் கீழை போய் இருந்து அழுதது எனக்குக் கேட்டது. ஆம்பிளை ஒருத்தர் அப்பிடி அழுது நான் கேட்டதில்லை. அண்டைக்கும் அடுத்தநாளும் நீங்கள் சாப்பிடேல்லை. எனக்குத்தான் இறங்காது, உங்களுக்கென்ன? சரி, ஒரு கிலோவைக் கட்டுவமெண்டு பாத்தன். அடுத்த செவ்வாய் நீங்கள் பாட்டுப் படிச்சீங்கள்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அதுக்குப் பிறகு எப்பிடி நிப்பாட்டுறது? இறங்க இறங்கக் கூட்டவேண்டி வந்திட்டுது."

"ஏறி இறங்கிக் காட்டினதே!"

"நீங்கள்தானே கீழை நிண்டு பேசிப் பழகினனீங்கள். கெட்டிக்காரக் கள்ளன் ஒரேயளவு கூட்டமாட்டான், கொஞ்சம் முன்னைப் பின்னை விடுவான், அப்பத்தான் அதிகாரிக்குச் சந்தேகம் வராது எண்டு. எனக்கு மேலை எல்லாம் கேட்டது. சில நாள் கல்லைக் கட்டிப்போட்டு அரைக் கோப்பை தண்ணி கூடக் குடிப்பன்."

இரத்தினவேலர் தராசைப் பார்த்தார். ஐந்து கிலோ இரும்பைக் கட்டிக்கொண்டு, நிற்கவே மாட்டாத ஒருத்தி, சுவரிலும் கைவைக்கக்கூடாதென்று சொல்ல நின்றிருக்கிறாள். ஏறும், இறங்கும், இன்னொருக்கா ஏறும் என்று மூன்றுமுறை ஏற்றி இறக்கியிருக்கிறார். நாற்பத்திரண்டு கிலோ உடம்புக்கு ஐம்பது கிலோவின் குளிசை போயிருக்கிறது. அந்த நிறையைப் போனில் வாசித்துச் சரியென்று முத்திரை குத்தியது யார்? அவர்தான்.

எழும்பிப் போனை எடுத்தார்.

"இப்ப வேண்டாம்" என்றாள் அவள். "செவ்வாய்க்கிழமை சொல்லுவம். இப்ப சொன்னால் இண்டைக்கே வரச்சொல்லுவினம். போனால் நான் திரும்பி வரமாட்டன், எனக்குத் தெரியும். இந்த ரெண்டு நாள் வீட்டிலை இருக்கிறனே."

ஆயிரம் கடைக்காரர் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். நாளைக்குத் திருத்துறன் அண்ணை, ஒருக்கா விடுங்கோ அண்ணை. ஒருவரையும் அவர் விட்டதில்லை. இப்போதும் இலக்கத்தை அழுத்தினார். ஒரு குளிசைகூட இனி அந்த அளவில் போகக்கூடாது. விடுமுறை நாளில் போன் எடுக்கும் தாதியிடம் நாற்பத்தொன்று எண்ணூறு என்று சொன்னார். தராசு சரியானது என்று சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த நிறைகள் எல்லாம் பிழை என்று சொன்னார். கமலாம்பிகை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு கதைக்கவில்லை.

குளிசையை நிறுத்தினார்கள். மூக்கால் குழாய் போட்டார்கள். ஆறு கிழமைக்கு முதல் தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருப்போம், அப்போதே உணவும் கொடுத்திருப்போம் என்று டொக்டர் சொன்னார். அப்படிச் செய்திருந்தால் தப்பியிருப்பாவோ என்று கேட்டதற்கு, சொல்லமுடியாது என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்வார்? ஓடிவந்த அட்சயா தகப்பனைப் பார்த்து, "அப்பா, ஹவ்? உங்களுக்கா தெரியாமப் போச்சு? உங்களுக்கா?" என்றாள். கேட்டது போதும்.

மூன்றாம் நாள் கமலாம்பிகை பேசத் தொடங்கினாள். முதல் பேச்சே, "முகம் வழிச்சனீங்களோ இல்லையோ? காட்டுமனிசன்மாதிரி" என்பதுதான். அவர் கீழே போய் சவரக்கத்தி வாங்கிவந்து அங்கேயே வழித்தார்.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியிலேயே தராசு இருந்தது. நோயாளி எழும்பவேண்டியதில்லை, தாதி வந்து தலையணை, போர்வை, குழாய்ப் பை எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால் கால்மாட்டுத் திரையில் இலக்கம் வரும். படுத்திருப்பவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு காலையும் இரத்தினவேலர் கால்மாட்டில் போய் நின்று பார்ப்பார். பழக்கதோசம், கட்டில் மட்டமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தொன்பது இருநூறு. குழாயால் போனதையும் உடம்பு வாங்கவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு காலை தாதி பொத்தானை அழுத்தினாள். முப்பத்தேழு நானூறு. அட்சயா யன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"எவ்வளவு?" என்றாள் கமலாம்பிகை. அதுவரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அறுபத்தெட்டு வயதுக்குள் அந்த வாயால் ஒரு பிழையான நிறை தெரிந்து வந்ததில்லை.

"கூடியிருக்கு" என்றார். "நேத்தையிலும் பாக்க அரைக் கிலோ கூட."

அவள் அவரை வடிவாக உற்றுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது, ஆனால் உதட்டோரம் சிரித்தது.

"அரைக் கிலோ கூடச் சொல்லிப்போட்டீங்கள்" என்றாள். "நூறு கிராம் எண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பன்."

அவர் கட்டிலில் முகத்தைப் புதைத்து, எல்லாருக்கும் கேட்க அழுதார். அவள் தடுக்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டு கிடந்தாள். தாதி திரையை அணைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கமலாம்பிகையை யாரும் நிறுக்கவில்லை.